விற்றுவிட்டுப் போன சிலிண்டர் யாருடையது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் மஹல்லாக்களில் ஆண்டுதோறும் பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் வீடு மாறும் காலம் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளின் படிப்புக்காகச் சிலர் சென்னைக்குச் செல்கின்றனர். கணவர் வேலை பார்க்கும் வளைகுடா நாட்டிற்குச் சிலர் குடும்பத்தோடு புறப்படுகின்றனர். கட்டில், பீரோ, பாத்திரங்கள் எல்லாம் கணக்கோடு ஏற்றப்படுகின்றன. முஸ்ஹஃபை யார் கையில் எடுத்துச் செல்வது என்பது வரை பேசி முடிவாகிறது. ஆனால் சமையலறையின் மூலையில் நிற்கும் சிவப்புச் சிலிண்டரைப் பற்றிப் பேச்சு வரும்போது, தொழுகையை ஒரு வேளையும் விடாத மனிதரே சிறிதும் கூச்சமின்றிச் சொல்கிறார்: "அதை அடுத்து குடிவர்றவங்களுக்கே வித்துட்டேன் ஹஜ்ரத். நல்ல விலை கிடைச்சுது."

இந்தக் கட்டுரை அந்த விற்பனையை எதிர்த்து எழுதப்படுகிறது. அது சிறிய விஷயம் என்றும், ஊரே செய்கிற காரியம் என்றும் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. வீட்டு உபயோகக் கேஸ் இணைப்பின் சிலிண்டரும் ரெகுலேட்டரும் நம்முடைய சொத்து அல்ல. நம்முடையது அல்லாத பொருளை விற்பது மார்க்கத்தில் கூடாது. அதில் கிடைத்த பணம் நமக்கு ஹலாலாகாது. இதை முதலில் நேராகச் சொல்லிவிட்டு, பிறகு காரணங்களுக்கு வருகிறேன்.

நாம் கட்டிய பணம் எதற்காக?

புதிய இணைப்பு வாங்கும்போது கேஸ் ஏஜென்சி நமக்கு ஒரு தாளைத் தருகிறது. சப்ஸ்கிரிப்ஷன் வவுச்சர் என்பது அதன் பெயர், சுருக்கமாக எஸ்.வி. என்பார்கள். எத்தனை சிலிண்டர்கள், எத்தனை ரெகுலேட்டர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டன, அவற்றுக்காக எவ்வளவு டெபாசிட் கட்டினோம் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அந்தத் தாளை விலைக்கு வாங்கியதற்கான பில் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது விற்பனை பில் அன்று. "இந்தக் கருவிகள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை, நீங்கள் பயன்படுத்தும் வரை உங்களிடம் இருக்கும், திருப்பித் தரும்போது இந்தத் தொகையைத் திருப்பித் தருகிறோம்" என்ற ஒப்பந்தத்தின் சான்று அது.

அடுப்பையும், அடுப்புக்கும் ரெகுலேட்டருக்கும் இடையிலுள்ள குழாயையும் நாம் விலைக்கு வாங்குகிறோம். அவை நம்முடையவை, விற்கலாம், தானமாகக் கொடுக்கலாம், கையோடு கொண்டு செல்லலாம். சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயுவையும் விலைக்கே வாங்குகிறோம். ஆனால் சிலிண்டர் என்ற இரும்புக் கலனும் அதன் வாயில் பொருத்தும் ரெகுலேட்டரும் நிறுவனத்தின் பொருள்கள். மாதாமாதம் ஒரு சிலிண்டரைக் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்கிறோமே, அதுவே இதற்கு எளிய சான்று. நம் சொத்தாக இருந்தால் ஒவ்வொரு முறையும் முகம் தெரியாத ஒருவர் வீட்டுச் சிலிண்டரோடு மாற்றிக்கொள்ளச் சம்மதிப்போமா?

ஃபிக்ஹு நூல்களைப் படித்தவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. பிறருக்குச் சொந்தமான பொருளைப் பயன்படுத்திக்கொள்ள வாங்கி, அதே பொருளைத் திருப்பித் தருவதை 'ஆரியத்' என்ற பாடத்தில் படிக்கிறோம். டெபாசிட் இருப்பதால் இந்த ஒப்பந்தம் முழுக்க அதே வகைதானா என்று ஆலிம்கள் நுணுக்கமாக ஆராயலாம். ஆனால் எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் பொருளின் உரிமை கைமாறவில்லை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இரவல் பொருள் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதில் நம் ஷாஃபிஈ மத்ஹபும் ஹனஃபி மத்ஹபும் வேறுபடுகின்றன. வழக்கமான பயன்பாட்டின் மூலம் அன்றி வேறு விதமாக அழிந்தால் வாங்கியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. வரம்பு மீறினால்தான் ஈடு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. இரவல் பொருளை மூன்றாம் மனிதருக்கு விற்பதோ வரம்பு மீறலே ஆகும். ஆகவே இரு மத்ஹபுகளின்படியும் விற்றவர் மீது பொறுப்பு விழுகிறது.

ஒரு குடும்பத்துக்கு நடந்தது

பெயர் வேண்டாம். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தந்தை. 2019இல் இரண்டு சிலிண்டர்களோடு இணைப்பு வாங்கியவர். அப்போது ஒரு சிலிண்டருக்கு 1,450 ரூபாயும் ரெகுலேட்டருக்கு 150 ரூபாயும் டெபாசிட். இரண்டு சிலிண்டர்களுக்கு 2,900. ரெகுலேட்டரோடு சேர்த்து 3,050 ரூபாய் அவருடைய எஸ்.வி.யில் எழுதப்பட்டிருந்தது.

சென்னைக்குக் குடிபெயரும்போது அவர் போட்ட கணக்கைக் கேளுங்கள். "ஏஜென்சியிடம் கொடுத்தால் 3,050 ரூபாய்தான் வரும். வெளியில் கொடுத்தால் 6,000 கிடைக்கும்." 2022 ஜூன் மாதத்தில் டெபாசிட் உயர்த்தப்பட்டு, ஒரு சிலிண்டருக்கு 2,200 ரூபாயும் ரெகுலேட்டருக்கு 250 ரூபாயும் ஆயிற்று. அதன்படி இரண்டு சிலிண்டர்களோடு புதிதாக இணைப்பு எடுப்பவர் 4,650 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். பழைய இணைப்பைத் திருப்பித் தருபவருக்கோ எஸ்.வி.யில் உள்ள பழைய தொகை மட்டுமே கிடைக்கும். இன்றைய தொகை கிடைக்காது. இந்த இடைவெளிதான் கள்ள விற்பனைக்கு ஆசை காட்டுகிறது. வாங்குகிறவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது: வாடகை ஒப்பந்தம் இல்லை, அந்த ஊர் முகவரிச் சான்று இல்லை, ஏஜென்சிக்கு அலைய நேரமில்லை. ஆகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்குகிறார்.

விற்பனை முடிந்தது. ஆறு மாதம் கழித்து, சென்னையில் வாடகை வீட்டில் அமர்ந்த பின், அவர் தம் பெயரில் புதிய இணைப்புக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் திரும்பி வந்தது. அவருடைய ஆதாரில் ஏற்கெனவே ஓர் இணைப்பு செயலில் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரே வீட்டு உபயோக இணைப்புதான் என்பது விதி. மனைவியின் பெயரில் முயன்றார். ஒரே குடும்பம் என்று அதுவும் நின்றது. பழைய இணைப்பை ஒப்படைத்து, அதற்கான தாளைக் கொண்டு வந்தால்தான் வழி என்றார்கள்.

ஊருக்கு வந்தார். சிலிண்டர்களை வாங்கியவர் அந்த வீட்டைக் காலி செ்து வேறு தெருவுக்குப் போயிருந்தார். அவரிடம் ஒரு சிலிண்டரும் ரெகுலேட்டரும் இருந்தன. மற்றொரு சிலிண்டர்? அதை அவர் ஒரு டீக்கடைக்காரருக்கு விற்றிருந்தார். இவர் பெயரில் பதிவு செய்யப்பட்ட சிலிண்டர், இவர் பார்த்தேயிராத கடையில், தார்ப்பாய்க் கூரையின் கீழ் எரிந்துகொண்டிருந்தது.

மூன்று பேரையும் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினோம். செல்லாத விற்பனை என்றால் பணமும் பொருளும் வந்த வழியே திரும்ப வேண்டும். இவர் 6,000 ரூபாயை வாங்கியவரிடம் கொடுத்தார். வாங்கியவர் டீக்கடைக்காரரின் பணத்தைக் கொடுத்துச் சிலிண்டரை மீட்டார். பிறகுதான் இரண்டு சிலிண்டர்களும் ரெகுலேட்டரும் ஏஜென்சிக்குப் போயின. 3,050 ரூபாய் இவர் கைக்கு வந்தது. முதல் நாளே செய்திருந்தால் ஒரு முற்பகலில் முடிந்திருக்கும் வேலை.

ஆறு மாதத்தில் அந்த டீக்கடையில் தீ பிடித்திருந்தால் என்னவாகியிருக்கும்? எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் விபத்துக் காப்பீட்டில், வீட்டுப் பொருள்களுக்கான இழப்பீடு வாடிக்கையாளரின் பதிவு செய்யப்பட்ட முகவரியைச் சார்ந்தது. அந்தக் கடையோ யாருடைய பதிவு முகவரியும் அன்று. விசாரணை வந்தால் கணினியில் தோன்றும் பெயரோ நம் சகோதரருடையது. பணத்தை எண்ணி வாங்கிய நாளில் அவர் இதை யோசிக்கவே இல்லை.

சொல்லப்படும் சமாதானங்கள்

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான்கு பதில்கள் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, "நான் சிலிண்டரை விற்கவில்லை, என் உரிமையைத்தான் விட்டுக்கொடுத்தேன்" என்பது. சற்றுப் படித்தவர்கள் சொல்லும் பதில் இது. உரிமையை விட்டுக்கொடுத்து ஈடு பெறுவது பற்றி ஃபுகஹாக்கள் பேசியிருப்பது உண்மைதான். ஆனால் அது கைமாறக்கூடிய உரிமையாக இருக்க வேண்டும். கேஸ் இணைப்பு ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு, ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு, பிறருக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்படுகிறது. அந்த நிபந்தனைக்குக் கீழே கையெழுத்திட்டது நாம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. கையெழுத்திட்ட நிபந்தனை நமக்குச் சிரமமாகும் நாளில் அது இல்லாமற் போய்விடாது. தன்னிடம் இல்லாததை விற்பது குறித்து ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் பிரபலமானது. தன் கையில் இருந்தும் தனக்குச் சொந்தமில்லாததை விற்பது அதைவிட எவ்வகையில் இலேசானது?

இரண்டாவது, "அது பெரிய கம்பெனி, அரசாங்கத்தின் பொருள். நம்மிடம் எவ்வளவோ பிடுங்குகிறார்கள்" என்பது. இது கோபத்திலிருந்து பிறக்கும் பேச்சு. அந்தக் கோபத்துக்குக் காரணங்களும் இருக்கலாம். ஆனால் அமானிதத்தின் சட்டம் கோபத்தைப் பார்த்து மாறுவதில்லை. நம் வரலாற்றின் மிகப் பெரிய இடப்பெயர்வு ஹிஜ்ரத். அந்த இரவில் நபி (ஸல்) அவர்களைக் கொல்ல மக்காவின் குறைஷிகள் வீட்டைச் சூழ்ந்திருந்தனர். அதே குறைஷிகள் ஒப்படைத்திருந்த பொருள்கள் அந்த வீட்டில் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிப்பதற்காக அலீ (ரலி) அவர்கள் மக்காவில் நிறுத்தப்பட்டார்கள் என்றும், எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகே மதீனாவுக்குப் புறப்பட்டார்கள் என்றும் ஸீரா நூல்கள் கூறுகின்றன. உயிருக்கே ஆபத்தான நேரத்தில், உயிரைப் பறிக்க வந்தவர்களின் பொருளுக்கே அந்த மரியாதை என்றால், லாரி வந்து நிற்கும் அவசரத்தில் "கம்பெனிதானே" என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஹுனைன் போருக்கு முன் ஸஃப்வான் பின் உமைய்யாவிடம் நபி (ஸல்) அவர்கள் கவசங்களை இரவல் கேட்டார்கள். அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. பலவந்தமாகப் பறிக்கப்படுகிறதோ என்று அவர் ஐயுற்றபோது, திருப்பித் தரும் பொறுப்போடு வாங்கும் இரவல் என்று உறுதி கூறப்பட்டது. வெற்றி பெற்று நின்ற ஒரு படையின் தலைவர், தோற்ற தரப்பைச் சேர்ந்த ஒருவரிடம் இரவல் பொருளுக்கு உத்தரவாதம் தருகிறார். பொருளுக்குரியவர் முஸ்லிமா, நல்லவரா, நம்மிடம் நியாயமாக நடந்தாரா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை.

மூன்றாவது, "வாங்கியவர் ஏழை, உதவிதான் செய்தேன்" என்பது. உதவி என்றால் 6,000 ரூபாய் எதற்கு? உண்மையில் முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு முறையான வழி இருக்கிறது. ஐந்து கிலோ எடையுள்ள சிறிய சிலிண்டரை, அடையாளச் சான்று ஒன்றைக் காட்டி ஏஜென்சியிலேயே விலைக்கு வாங்கலாம்; முகவரிச் சான்று கேட்பதில்லை. வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவர்களும் வெளியூர்த் தொழிலாளர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். உதவ விரும்புபவர் அந்த வழியைக் காட்டித் தரட்டும். முடிந்தால் அதற்கான பணத்தில் ஒரு பகுதியை ஸதக்காவாகக் கொடுக்கட்டும்.

நான்காவது, "சில நூறு ரூபாய்க்காக யார் ஏஜென்சிக்கு அலைவது? அப்படியே வீட்டில் விட்டுவிட்டேன்" என்பது. இவர்கள் விற்கவில்லை, ஆகையால் தாங்கள் குற்றமற்றவர்கள் என்று நினைக்கிறார்கள். அமானிதத்தை விற்காமலிருந்தால் மட்டும் போதாது. அதை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பதே அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் இடும் கட்டளை. காலி வீட்டில் விட்டுச் சென்ற சிலிண்டர் யாரிடம் போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியாது. நம் பெயரில் இருக்கும் வரை பொறுப்பும் நம் பெயரில்தான் இருக்கும்.

திருப்பிக் கொடுக்கும் முறை

இதற்கு ஒரு முற்பகல் போதும் என்றேன். எப்படி என்பதையும் சொல்கிறேன்.

முதலில், எங்கே போகிறீர்கள் என்று பாருங்கள். அதே ஊருக்குள் வேறு தெருவுக்கு மாறுகிறீர்கள் என்றால் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஏஜென்சியில் முகவரியை மாற்றினால் போதும். புதிய முகவரி வேறு ஏஜென்சியின் எல்லைக்குள் வந்தால் மாற்றத் தாள் வாங்கி அங்கே பதிய வேண்டும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் உங்களுடனேயே வரும். வேறு ஊருக்குச் செல்பவரும் நாட்டை விட்டே செல்பவரும்தான் கருவிகளை ஒப்படைக்க வேண்டும்.

புறப்படும் நாளுக்கு இரண்டு வாரங்கள் முன்பே புதிய சிலிண்டர் பதிவு செய்வதை நிறுத்திவிடுங்கள். பதிவு ஏதேனும் நிலுவையில் இருந்தால் ரத்துச் செய்யுங்கள். சிலிண்டரில் எரிவாயு மிச்சமிருந்தால் அதற்குத் தனியாகப் பணம் திரும்புவதில்லை; ஆகவே இருப்பதைச் சமைத்துத் தீர்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. இரண்டு சிலிண்டர் வாங்கியவர் இரண்டையும் கொடுக்க வேண்டும். ஒன்றை அண்ணன் வீட்டுக்கு இரவல் கொடுத்திருந்தால் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்சிக்குக் கொண்டு செல்ல வேண்டியவை: சிலிண்டர்கள், ரெகுலேட்டர், எஸ்.வி., கேஸ் புத்தகம், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய அடையாளச் சான்றின் நகல், கையெழுத்திட்ட ஒரு கடிதம். எஸ்.வி. தொலைந்துபோயிருந்தால் பதற வேண்டாம். அது தொலைந்தது என்று உறுதிமொழி எழுதித் தரும் முறை இருக்கிறது. ரெகுலேட்டர் தொலைந்திருந்தால் அதற்கான தொகை பிடிக்கப்படும். அது நியாயமே, பொருளைத் தொலைத்தவர் ஈடு செய்கிறார்.

இவற்றைப் பெற்றுக்கொண்டு ஏஜென்சி தரும் தாளுக்கு டெர்மினேஷன் வவுச்சர் என்று பெயர். இந்தத் தாள் இல்லாமல் வெளியே வராதீர்கள். சிலிண்டரை வாங்கிக்கொண்டு, "கணினி வேலை செய்யவில்லை, பிறகு வாருங்கள்" என்று சொன்னால், பெற்றுக்கொண்டதாகவாவது எழுதி வாங்குங்கள். தாளில் சிலிண்டர்களின் எண்ணிக்கையும் திருப்பித் தரப்படும் தொகையும் எஸ்.வி.யோடு ஒத்திருக்கின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். இணைப்பு இனி உங்கள் பெயரில் செயலில் இல்லை என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். தொகையைத் தர மறுத்தாலோ, வேறு பொருள் வாங்கினால்தான் தருவோம் என்று நிபந்தனை போட்டாலோ 1800-2333-555 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். வேறு ஊரில் மீண்டும் இணைப்பு எடுக்கப் போகிறவருக்கு இந்தத் தாளே திறவுகோல், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரு குறிப்புகள். உஜ்வலா திட்டத்தில் இணைப்பு பெற்ற சகோதரிகள் டெபாசிட் கட்டவில்லை. அரசே அதை ஏற்றது. ஆகவே ஒப்படைக்கும்போது அவர்களுக்கு அந்தப் பணம் திரும்பாது. அவர்கள் கட்டாத பணம் அவர்களுக்குரியதும் அன்று. மற்றொன்று, மறைந்த தந்தையின் பெயரில் உள்ள இணைப்பு. பூர்விக வீட்டைப் பூட்டும்போது அதை ஒப்படைத்தால் வரும் டெபாசிட் தந்தையின் தரிக்கா; வீட்டில் கடைசியாகக் குடியிருந்த மகனின் தனிப் பணம் அன்று. சிறிய தொகைதான். ஆனால் வாரிசுகள் அனைவரும் மனமுவந்து விட்டுக்கொடுக்காத வரை சகோதரிகளின் பங்கும் அதில் இருக்கிறது.

மின்சாரத்திலும் இதே கணக்குத்தான்

மின் இணைப்பு பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கிறது. ஆகவே வாடகைக்கு இருந்தவர் ஒப்படைக்க வேண்டியது மீட்டரை அன்று, அவர் எரித்த மின்சாரத்தின் கடனை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுக்கிறார்கள். வீடு காலி செய்யும் நாள் அந்த நாளோடு ஒத்துப்போவதில்லை. இங்கேதான் இரு தரப்பிலும் அநியாயம் நுழைகிறது. வாடகைதாரர் சொல்லாமல் போய்விட்டால் அவருடைய யூனிட்டுகள் அடுத்து வருபவரின் தலையில் விழுகின்றன. உரிமையாளர் மீட்டரைப் பார்க்காமலேயே "கரண்ட் பில்லுக்கு 3,000" என்று அட்வான்ஸில் கழித்தால் அது பிறர் பணத்தை அநியாயமாக உண்பதாகும்.

சாவி கைமாறும் நேரத்தில் இருவரும் மீட்டர் முன் நின்று எண்ணைப் படித்து, படம் எடுத்து, தேதியோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனத்தை நாம் பெரிய வியாபாரங்களுக்கு மட்டும் உரியதாக்கிவிட்டோம். சிறியதோ பெரியதோ எழுதுவதில் சோர்வடையக் கூடாது என்பதையும் அதே வசனம்தான் உணர்த்துகிறது.

பில் வந்ததும் எப்படிப் பிரிப்பது? ஓர் எடுத்துக்காட்டு. கடைசியாகக் கணக்கெடுத்த நாளில் மீட்டர் 14,200. காலி செய்த நாளில் 14,420. அடுத்த கணக்கெடுப்பில் 14,740. முன்னவர் 220 யூனிட், பின்னவர் 320 யூனிட், மொத்தம் 540. வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். 500ஐத் தாண்டினால் கீழ்ப் படிகளின் சலுகையும் குறைந்துவிடும். "நான் இருந்தவரை 220தான், எனக்கு முழு இலவசத்தையும் கழித்துக் குறைந்த விலையில் போடுங்கள்" என்று முன்னவர் சொன்னால் உயர்ந்த விலை முழுவதும் பின்னவர் மீது சாயும். இருவரும் சேர்ந்தே 540 ஆயிற்று. ஆகவே வந்த மொத்தத் தொகையை 540ஆல் வகுத்து, முன்னவரிடம் 220 பங்கும் பின்னவரிடம் 320 பங்கும் வாங்குவதே நியாயத்துக்கு நெருக்கமானது. பில் வரும் வரை உரிமையாளர் அட்வான்ஸ் முழுவதையும் பிடித்து வைக்கக் கூடாது. ஒரு சிறு தொகையை மட்டும் நிறுத்தி, மீதியைச் சாவி வாங்கும்போதே கொடுத்துவிடட்டும். பில் வந்தபின் நிறுத்திய தொகையில் மிஞ்சியது, அது 40 ரூபாயாக இருந்தாலும், வாடகைதாரரைத் தேடிச் செல்ல வேண்டும்.

ஏற்கெனவே விற்றுவிட்டவர்களுக்கு

இதைப் படிக்கும் சிலர் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்றிருப்பீர்கள். தவ்பா என்பது வருந்துவதோடு முடிவதன்று. பிறர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதை மீட்டுக் கொடுப்பதும் அதில் அடங்கும். வாங்கியவரைத் தேடிப் பிடித்து, பணத்தைக் கொடுத்து, சிலிண்டரை மீட்டு ஒப்படைக்க முடியுமானால் அதைச் செய்யுங்கள். அவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் ஏஜென்சிக்குச் சென்று, கருவிகள் கைவசம் இல்லை என்ற உண்மையைச் சொல்லி, அதற்குரிய தொகையைக் கட்டி, இணைப்பை முடித்துக்கொள்ளுங்கள். விற்ற பணத்தைப் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் நேரில் கேளுங்கள். இதுவரை வெட்கப்பட்டுப் பேசாமலிருந்தது போதும்.

மஸ்ஜித் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். மஹல்லாவை விட்டுப் போகிறவர் சந்தா பாக்கியைத் தீர்த்துத் தடையில்லாச் சான்று வாங்க நம்மிடம்தான் வருகிறார். அப்போது "கேஸ் இணைப்பை ஒப்படைத்துவிட்டீர்களா? மீட்டர் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டீர்களா?" என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். சந்தா பாக்கியை விசாரிக்கும் நமக்கு அமானிதத்தையும் விசாரிக்கும் கடமை உண்டு.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.